நோட்டீஸைச் சுருக்கிச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சக வரி ஆலோசகர்களுக்கும், நோட்டீஸைப் படித்துக் கட்சிக்காரருக்கு விளக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவர்களுக்கும்,

வணக்கம். 2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை மாலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் துணிப்பையுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். பையில் ஒரு பாஸ்புக், பென்ஷன் புத்தகம், இரண்டு வருட மின்கட்டண ரசீதுகள், ஆதார் நகல் ஐந்து. அவருக்கு அதுவரை வரிக்கணக்கு பார்த்துவந்த நம் தொழில்காரர் ஒருவர், வருமான வரி நோட்டீஸ் வந்ததும் அதை இப்படிச் சுருக்கிக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்: “ரொக்க டெபாசிட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாஸ்புக் நகல் அனுப்பவும்.”

சுருக்கம்தான், தப்பில்லை. ஆனால் தேதி இல்லை. எந்த வருடத்துப் பாஸ்புக் என்று இல்லை. டீச்சர் கொண்டுவந்தது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான பக்கங்கள். நோட்டீஸின் தலைப்பில் “2023-24” என்று இருந்ததைப் பார்த்து அவர் அப்படி எடுத்துவந்திருக்கிறார். அது மதிப்பீட்டு ஆண்டு. பணம் புழங்கிய நிதியாண்டு 2022-23. நாம் தினமும் புழங்குவதால் இந்த ஒரு வருட வித்தியாசம் நமக்கு உறுத்துவதே இல்லை; வெளியாளுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது. ஆகவே முதல் வேண்டுகோள்: கட்சிக்காரருக்கு எழுதும் தாளில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லையே எழுதாதீர்கள். “1.4.2022 முதல் 31.3.2023 வரை” என்று இரண்டு தேதிகளாக எழுதுங்கள்.

நோட்டீஸை இணையத்தளத்தில் திறந்தேன். அதற்கு முன் ஆவண அடையாள எண்ணை “Authenticate Notice/Order Issued by ITD” என்ற பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி; போலி நோட்டீஸ்கள் மின்னஞ்சலில் திரிகிற காலத்தில் இந்த இரண்டு நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. இது உண்மையான நோட்டீஸ்தான். 142(1) பிரிவின் கீழ் நவம்பர் 11 அன்று பிறப்பிக்கப்பட்டது. பதிலுக்குக் கடைசி நாள் நவம்பர் 26, காலை 11 மணி.

அந்தப் “11 மணி”யைக் கவனியுங்கள். இருபத்தாறாம் தேதி என்றால் அன்று இரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்களே அதிகம். அடுத்து நாட்காட்டியைப் பார்த்தேன். மறுநாள் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. வங்கியிலிருந்து ஒரு தாள் வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஒன்றுதான் மிச்சம். பதினைந்து நாள் அவகாசத்தில் டீச்சர் கையில் எஞ்சியது ஒரே ஒரு வேலைநாள். கடைசித் தேதியை மட்டும் எழுதினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். வங்கிக்கு எந்த நாள், கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த நாள், என்னிடம் எந்த நாள் என்று பின்னோக்கி எண்ணி எழுத வேண்டும்.

இனி நோட்டீஸின் இணைப்புக்கு வருகிறேன். பதினொரு கேள்விகள். சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு, கடனாளர் பட்டியல் என்று வியாபாரிகளிடம் கேட்பவை மூன்று. ரொக்க டெபாசிட்டின் ஆதாரம் என்ன என்பதே மூன்றாவது, நான்காவது, ஒன்பதாவது கேள்விகளில் வேறு வேறு சொற்களில் வந்திருந்தது. இவற்றை ஒன்றாக்குவது சரிதான். ஆனால் ஒன்றாக்கும்போது எது காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது “ஆதார ஆவணங்களுடன்” என்றது. நான்காவது “தேதிவாரியாக” என்றது. ஒன்பதாவது “ஒவ்வொரு கணக்குக்கும்” என்றது. கேள்வி ஒன்றுதான், நிபந்தனைகள் மூன்று. “டெபாசிட் பற்றி விளக்கம்” என்று சுருக்கினால் மூன்றும் போய்விடும். டீச்சருக்குக் கூட்டுறவு வங்கியில் இன்னொரு கணக்கு இருந்தது என்பது “ஒவ்வொரு கணக்குக்கும்” என்ற சொல்லை நான் வாய்விட்டுப் படித்தபோதுதான் அவருக்கே நினைவுக்கு வந்தது.

வியாபாரக் கேள்விகள் மூன்றையும் தாளிலிருந்து அடித்துவிடத் தோன்றும். அடிக்காதீர்கள். கட்சிக்காரர் அவற்றுக்கு எதையும் தேட வேண்டாம். ஆனால் பதிலில் “ஓய்வூதியரான எனக்கு வியாபாரம் இல்லை, ஆகவே பொருந்தாது” என்ற வரி அந்தந்த எண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் முகம் பார்க்காமல் மதிப்பிடுபவர். காலியாக விட்ட எண் அவர் கண்ணுக்குப் பதில் சொல்லாத கேள்வி.

சுருக்கி எழுதுகிறவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. நோட்டீஸ் கேட்காத, ஆனால் நமக்குத் தேவைப்படுகிற ஆவணத்தை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சரின் சேமிப்புக் கணக்கில் அந்த வருடம் ரொக்கமாகப் போடப்பட்டது 14 லட்சம். சேமிப்புக் கணக்குகளில் ஒரு வருடத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கி துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அந்தத் தொகை இருந்தது. நோட்டீஸ் கேட்டது 2022-23க்கான வங்கி அறிக்கை. 14 லட்சத்தில் 9 லட்சம் 2022 மே 18 அன்று போடப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“வீட்டுமனை வாங்க எடுத்த பணம் தம்பி. மனை வேண்டாம் என்று ஆகிவிட்டது. திரும்பப் போட்டுவிட்டேன்.”

“எப்போது எடுத்தீர்கள்?”

“மாசி மாதம்.”

2022 பிப்ரவரி 21. அதாவது முந்தைய நிதியாண்டு. நோட்டீஸில் கேட்ட அறிக்கையை மட்டும் எழுத்துப் பிசகாமல் கொடுத்திருந்தால், பணம் எடுத்த வரி அதில் இருக்கவே இருக்காது; வானத்திலிருந்து 9 லட்சம் விழுந்ததுபோல் தெரியும். எடுத்ததற்கும் போட்டதற்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மாதம். அவ்வளவு நாள் பணம் ஏன் வீட்டில் இருந்தது என்பது மதிப்பீட்டாளர் கேட்காமலே கேட்கும் கேள்வி. “மனை விற்பவர் கைக்குப் பணம் போனதா?” என்றேன். போகவில்லை, பீரோவிலேயே இருந்தது என்றார். பத்திரப் பதிவுக்கு முன்பு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தபோது மனை அடமானத்தில் இருப்பது தெரிந்திருக்கிறது. அடமானத்தை மீட்டுத் தருகிறேன் என்று விற்பவர் இரண்டு மாதம் இழுத்திருக்கிறார். 2022 மார்ச் தேதியிட்ட அந்தச் சான்றிதழ் டீச்சர் வீட்டில் இருந்தது. நோட்டீஸின் பதினொரு கேள்விகளில் எதுவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் கதைக்கு முதுகெலும்பு அதுதான்.

மிச்சம் 5 லட்சத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் தென்னந்தோப்பு வருமானம். ரிட்டர்னில் வேளாண் வருமானம் என்று காட்டப்பட்டிருந்தது, நல்லவேளை. சிட்டா, அடங்கல், தேங்காய் வியாபாரியின் ரசீதுகள் வேண்டும். கடைசி 1 லட்சத்து 80 ஆயிரம் வீட்டில் சேர்ந்த பணம் என்றார். அதற்கு நேரடித் தாள் எதுவும் கிடையாது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்த ரொக்கத்தைக் காட்டலாம், அவ்வளவுதான். “இதற்கு ஆதாரம் பலவீனம்” என்று அவருடைய தாளிலேயே எழுதினேன். சுருக்கத்தில் நல்ல செய்தியை மட்டும் எழுதி, தலைவலியை நம் மனத்தில் வைத்துக்கொள்வது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம்.

அன்று அவர் கையில் கொடுத்த அரைத்தாள் இது:

> செவ்வாய், 26.11.2024, காலை 11 மணிக்குள் பதில் ஏற வேண்டும். நாம் ஏற்றுவது திங்கள் மாலை.
>
> கேட்பது: 1.4.2022 முதல் 31.3.2023 வரை உங்கள் எல்லாக் கணக்குகளிலும் போட்ட ரொக்கம் எங்கிருந்து வந்தது? தேதிவாரியாக, ஆவணத்துடன். (கேள்வி 3, 4, 9) தோப்பு வருமானத்துக்கு ஆதாரம் என்ன? (5) வட்டி வருமானம் ரிட்டர்னில் முழுதாக இருக்கிறதா? (10)
>
> சனி, ஞாயிறு, வீட்டில் தேட: வில்லங்கச் சான்றிதழ், தேங்காய் ரசீதுகள், சிட்டா, அடங்கல்.
>
> திங்கள் காலை, இரண்டு வங்கிகளிலும்: அறிக்கை 1.1.2022 முதல் 31.3.2023 வரை. முத்திரையுடன். பாஸ்புக் நகல் வேண்டாம்.
>
> நீங்கள் எதுவும் தேட வேண்டாதவை: 6, 7, 8. பொருந்தாது என்று நான் எழுதுகிறேன்.
>
> பலவீனம்: ரூ. 1,80,000.

அறிக்கை 2022 ஜனவரியிலிருந்து என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அடைப்புக்குறிக்குள் கேள்வி எண்ணையும் விடவில்லை. பதிலை ஏற்றும்போது மூல நோட்டீஸுக்குத் திரும்பிச் சரிபார்க்க அந்த எண்தான் வழி. மற்ற மூன்று கேள்விகள் பெயர், முகவரி, வருமான வகை பற்றியவை. அவை என் வேலை.

பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அந்தத் தாளில் எழுதவில்லை, வாயால் சொன்னேன். நோட்டீஸுக்கு இணங்காததற்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்பது சிறிய விஷயம். 144 பிரிவின் கீழ் கையிலிருக்கும் தகவலை வைத்து மதிப்பிட்டு, 14 லட்சத்தையும் விளக்கப்படாத பணம் என்று சேர்த்துவிட்டால், அந்த வருடத்துக்கான 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதற்கும்மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 78 சதவீதமாகும். 10 லட்சத்து 92 ஆயிரம். ஓய்வூதியர் ஒருவரிடம் இந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் அன்றிரவு வேறெதையும் படிக்க மாட்டார். வாயால் சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

அவகாசம் கேட்கலாமே என்பீர்கள். e-Proceedings பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. கெடு முடிவதற்குள் காரணத்துடன் கேட்க வேண்டும். ஆனால் இந்த மதிப்பீட்டை முடிக்கத் துறைக்கே 2025 மார்ச் 31 வரைதான் காலம் இருந்தது. அந்தத் தேதி நெருங்க நெருங்கத் தாராளம் குறையும். கேட்டாலும் கிடைத்துவிட்டதாக எண்ணி வேலையை நிறுத்தக் கூடாது.

எல்லா நோட்டீஸும் 142(1) அல்ல. ரிட்டர்னில் குறை என்று 139(9) பிரிவில் வந்தால் 15 நாள். ரிட்டர்னில் திருத்தம் செய்யப்போகிறோம் என்று 143(1)(அ) பிரிவில் வந்தால் 30 நாள். இரண்டிலும் நாம் மின்னஞ்சலைத் திறந்த நாளிலிருந்து எண்ணித் தப்புக் கணக்குப் போடுகிறோம். அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ணித் தேதியாகவே எழுதிக் கொடுங்கள்.

டீச்சரின் பதில் திங்கள் மாலை ஆறு மணிக்கு ஏறியது. ஜனவரியில் இன்னொரு நோட்டீஸ் வந்தது. இரண்டே கேள்விகள், இரண்டும் அந்த 1 லட்சத்து 80 ஆயிரம் பற்றி. இந்தமுறை டீச்சர் என்னிடம் வந்தபோது கையில் அரைத்தாள் ஒன்று இருந்தது, அவர் கையெழுத்திலேயே. மேலே தேதி, பக்கத்தில் மணி, இரண்டு கேள்விகள், கீழே ஓய்வூதியக் கணக்கில் மாதாமாதம் எடுத்த தொகைகளின் பட்டியல். கூட்டலில் ஒரு இடத்தில் 2,000 ரூபாய் விட்டிருந்தார். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்