நீல ஒளிக் கண்ணாடி: ஆய்வு சொல்வது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் மூக்குக்கண்ணாடி மாற்றச் சென்றபோது, கைப்பேசி, கணினித் திரைகளிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு இருந்தால் கண் எரிச்சல் தீரும், தூக்கமும் நன்றாக வரும் என்று கடைக்காரர் கூடுதல் விலை கேட்டார். ஆனால் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியைவிட இவை கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், தூக்கத்தைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றும் கூறுகிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் உலர்வதே எரிச்சலுக்கு முக்கியக் காரணம். அதைப் பூச்சு தடுக்காது. தூக்கமின்மை உள்ளவர்களிடம் ஓரளவு பலன் காட்டிய சிறு ஆய்வுகளில், படுக்கைக்குச் சில மணி நேரம் முன்பு அணியப்பட்டவை நீல ஒளியைப் பெருமளவு மறைக்கும் அடர்ந்த ஆரஞ்சு நிறக் கண்ணாடிகள். கடையில் எனக்குக் காட்டியதோ, நீல ஒளியில் சிறு பங்கையே வடிகட்டும், ஏறக்குறைய நிறமற்ற பூச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை