மைத்தட அறிக்கையில் ஒரு கள் முட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மை சிந்திய தடங்கள் போன்ற படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டு மனநிலையைக் கணிக்கும் ரோர்ஷாக் மைத்தடச் சோதனையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை அதனை மனத்தின் எக்ஸ்ரே என்று வர்ணித்திருந்தது. மறுவாரம் வெளியான வாசகர் கடிதமோ அதற்கும் கிளி ஜோசியத்துக்கும் வேறுபாடில்லை என்று முடித்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உளவியலாளராக இருந்து வருகிறேன். இந்தச் சோதனையை நானே பலருக்குச் செய்திருக்கிறேன், பலமுறை தயங்கியும் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இதைப் பற்றிய சண்டை எதைக் குறித்தது என்பதை ஓர் அறிக்கையை வைத்தே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

சென்ற ஆண்டு பதினேழு வயதுப் பையன் ஒருவனை அவன் தாயார் அழைத்துவந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) படிப்பில் நாட்டம் குறைந்து, யாருடனும் பேசாமல் இருந்ததால் முதலில் வெளியூர் மையம் ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். அங்கே பத்து மைத்தட அட்டைகளையும் காட்டி, ஒரு மனித உருவத்தையும் வரையச் சொல்லி, 'சிந்தனைச் சிதைவுக்கான அறிகுறிகள், சந்தேக மனப்பான்மை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல வேளையாக அவன் சொன்ன பதில்களின் பதிவும் அறிக்கையோடு இணைந்திருந்தது.

மொத்தம் 11 பதில்கள். அந்த மையம் பின்பற்றியதாகச் சொல்லும், பதில்களுக்கு மதிப்பெண் இடும் எக்ஸ்னர் முறையின் சொந்த விதிப்படியே, 14 பதில்களுக்குக் குறைந்த பதிவிலிருந்து முடிவு எதையும் எடுக்கக் கூடாது. சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். அது நடக்கவில்லை. 11 பதில்களில் 4, தடத்தின் வடிவத்தோடு பொருந்தாதவை என்று குறிக்கப்பட்டிருந்தன. அதாவது 36 சதவீதம். சிந்தனைச் சிதைவு என்ற சொல் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

அந்த நான்கில் ஒன்று 'முழங்கால்' என்று ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தது. எந்த அட்டை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். சோதனைக்கு வரக்கூடியவர்களிடம் அட்டைகளை முன்கூட்டியே விவரிக்கக் கூடாது என்பது எங்கள் மரபு. அந்த இடத்தில் எனக்கும் முழங்கால் தெரியவில்லை. பையனைக் கேட்டேன். "முழங்கால் இல்லீங்க மேடம், முட்டி. பனையில கட்டுவாங்களே, கள்ளு முட்டி" என்றான். குறுகிய வாய், உருண்ட அடி, மேலே கயிற்றுத் தடம் என்று விரலால் காட்டியபோது எனக்கும் தெரிந்தது. பதிலைத் திருப்பிச் சொல்லி, எங்கே தெரிகிறது, எதனால் அப்படித் தோன்றுகிறது என்று விசாரிப்பது இந்தச் சோதனையின் இரண்டாவது கட்டம். அதை ஒழுங்காகச் செய்திருந்தால் கலயம் காலாக மாறியிருக்காது. இன்னொரு பதில், எங்கள் பக்கத்துக் கோயில்களின் வேலா திருவிழாவில் வேடமிட்டு ஆடிவரும் பூதனின் தலையலங்காரம். வடிவம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான அட்டவணை அமெரிக்காவில் திரட்டப்பட்ட பதில்களிலிருந்து உருவானது. அதில் பூதன் எப்படி இருப்பான்? பட்டியலில் இல்லாத பொருளென்றால் அதை ஒத்த வடிவத்தைத் தேட வேண்டும், அதுவும் இல்லையென்றால் அந்த இடத்தில் அது எளிதாகத் தெரிகிறதா என்று தேர்வாளரே பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பூதனைக் கண்டிராதவருக்கு அது எப்படி எளிதாகத் தெரியும்? இந்த இரண்டையும் திருத்தினால் 36 சதவீதம் 18 ஆகிறது. பதினோரு பதில்கள் மட்டுமே உள்ள பதிவில் ஒவ்வொரு பதிலும் ஒன்பது சதவீதம் நிறுக்கிறது என்பதுதான் ஆபத்து.

இதைத் தேர்வாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மான் ரோர்ஷாக் 1921இல் இந்த அட்டைகளை வெளியிட்டு, மறு ஆண்டே 37 வயதில் இறந்துபோனார். அதன்பின் ஆளுக்கொரு முறையாகப் பிரிந்து கிடந்ததை ஜான் எக்ஸ்னர் 1974இல் ஒரே முறையாகத் தொகுத்தார். மதிப்பெண் இடுவதில் தேர்வாளர்களுக்கிடையே ஒற்றுமை ஏற்பட்டது அவரால்தான். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் இருவர் ஒரே மதிப்பெண் இடுவது நம்பகத்தன்மை. அந்த மதிப்பெண் சொல்வதாகச் சொல்லப்படும் பொருளை உண்மையில் சொல்கிறதா என்பது ஏற்புடைமை. முன்னதைக் காட்டிப் பின்னதையும் நிறுவிவிட்டதாகப் பேசும்போதுதான் சண்டை தொடங்குகிறது. எக்ஸ்னர் ஒப்பீட்டுக்குத் தந்த 700 இயல்பான பெரியவர்களின் தொகுப்பில் 221 பேரின் பதிவுகள் இருமுறை எண்ணப்பட்டிருந்தது பின்னாளில் தெரியவந்தது. அதைவிட முக்கியமாக, எந்த நோயுமில்லாத சாதாரண மனிதர்களிடம் பிறர் சோதனை நடத்தியபோது, பழைய ஒப்பீட்டு அளவுகளின்படி அவர்களில் பலர் கோளாறுடையவர்களாகத் தெரிந்தார்கள்.

பையன் வரைந்த உருவத்தின் கண்கள் பெரியவை. சந்தேக மனப்பான்மை என்பது அங்கிருந்து வந்தது. 1967இல் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும், இத்தகைய படங்களோடு நோய்க்குறிகளை வேண்டுமென்றே தாறுமாறாக இணைத்து, உளவியல் பயிற்சி இல்லாத மாணவர்களிடம் காட்டினார்கள். படங்களுக்கும் குறிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், சந்தேகக்காரர்கள் கண்ணை அசாதாரணமாக வரைகிறார்கள் என்று மாணவர்கள் 'கண்டுபிடித்தார்கள்'. அனுபவமிக்க உளவியலாளர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதாகச் சொல்லிவந்ததும் அதுவே. என் அனுபவத்தில் இது பலிக்கிறது என்று மூத்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாப்மன் தம்பதியரின் இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்; நானும் இப்போது மூத்தவள் என்பதால் கூடுதலாகவே வருகிறது.

ஆனாலும் கிளி ஜோசியம் என்பதை ஏற்க முடியாது. 2013இல் உளவியலாளர் மிஹூராவின் குழுவினர் எக்ஸ்னர் முறையின் 65 மதிப்பெண்களை, அதுவரை வந்த ஆய்வுகளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். நோய் நிர்ணயம், பிறரின் கணிப்பு போன்ற வெளிச் சான்றுகளோடு, முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால், சராசரித் தொடர்பு 0.27, அவரவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதோடு வெறும் 0.08. மனிதர் தாமே அறியாததைச் சோதனை தொடுகிறது என்று ஆதரவாளர்கள் இதற்குப் பொருள் சொல்வார்கள். எது பொருந்தாவிட்டாலும் தப்பித்துக்கொள்ள அது நல்ல வழி என்பது மறுதரப்பின் பதில். இதில் நான் மறுதரப்பின் பக்கம். ஆனால் சராசரியை விட்டுவிட்டு உள்ளே பார்த்தால், காட்சியும் சிந்தனையும் குலைவதைக் காட்டும் மதிப்பெண்களுக்கு வலுவான சான்று இருந்தது, வேறு பலவற்றுக்குச் சான்று சொற்பம் அல்லது இல்லவே இல்லை. நெடுங்காலமாக எதிர்த்துவந்த உட், கார்ப் முதலியோரே 2015இல் அந்த முதல் வகையை ஒப்புக்கொண்டார்கள். பையனின் அறிக்கை நம்பியது அந்த வலுவான மதிப்பெண்ணைத்தான். அது நிற்பதற்கு வேண்டிய பதில் எண்ணிக்கையும் விசாரணையும்தான் இல்லாமல் போயின.

நான் மைத்தடத்தை மறுபடி காட்டவில்லை. முதல் முறை கேட்டதெல்லாம் அவன் நினைவில் இருக்கும். இரண்டு வாரங்களில் மூன்று முறை நேரில் பேசினேன், தாயாரிடமும் வகுப்பாசிரியரிடமும் விசாரித்தேன், மனநல மருத்துவர் ஒருவரும் பார்த்தார். மனச்சோர்வு இருந்தது, சிந்தனைச் சிதைவுக்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. பழைய அறிக்கையைத் திருத்தித் தருமாறு அந்த மையத்துக்குத் தாயார் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கல்லூரிச் சேர்க்கைக் கோப்பில் அதன் நகல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.