சுவரில் தெரியும் கோட்டுக்கு மேலே பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம் வடிந்த வீட்டைச் சுத்தம் செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த குறிப்பில் பாம்புக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள்: வீட்டைச் சுற்றிப் பினாயில் தெளித்தால் வராது என்று. பினாயிலோ பூண்டுச் சாறோ பிளீச்சிங் பவுடரோ எதுவும் பாம்பைத் தடுக்காது. அதன் மேலேயே ஊர்ந்து போகும். அது போகட்டும். தண்ணீர் வடிந்த மறுநாள் பாம்பு வெளியிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லையே, பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியதைக் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு அப்படி வரும்போது வெறும் தண்ணீராக வருவதில்லை. கோரை, ஆகாயத்தாமரை, தென்னமட்டை, வேலி முள் எல்லாம் கட்டுக்கட்டாக மிதந்து வரும். வளை மூழ்கிப்போன பாம்பு, எலி, தேள், பூரான் எல்லாவற்றுக்கும் அதுதான் தெப்பம். தெப்பம் வீட்டுச் சுவரில் மோதினால் ஏறிக்கொள்ள வேறு இடம் தேட வேண்டியதில்லை.

மூன்றரை அடி தண்ணீர் இரண்டு நாள் நின்ற ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கூடம், ஓர் அறை, பரண் வைத்த சமையலறை. சுவரில் இடுப்புக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு தெரியும். உள்ளே நுழைகிறவர்கள் கால் வைக்கும் சேற்றைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் கோட்டுக்கு மேலே. நேற்றுவரை அதற்குக் கீழே தண்ணீர். உள்ளே வந்த உயிர் எல்லாம் மேலேதான் ஒதுங்கியிருக்கும். பரணில் அடுக்கிய பாத்திரத்தின் பின்பக்கம், பீரோ உச்சி, ஜன்னல் கம்பி, சாமி படத்தின் முதுகு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. இவற்றை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் தரைக்கு வர வேண்டும். நேராக அடித்தால் ஈரப்பளபளப்புதான் தெரியும். சுவரை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள், மறைந்திருப்பதன் நிழல் விழும்.

இதை நல்ல வெளிச்சத்தில், இரண்டு பேராகச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் மின்சாரம். மெயின் போர்டு நனைந்திருந்தால் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பிறகு கதவு ஜன்னலை வெளியிலிருந்து கம்பால் தள்ளித் திறந்துவிட்டு, வாசற்படியையும் சுவரையும் தடியால் தட்டி, அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். தட்டுவது சத்தத்துக்காக இல்லை, அதிர்வுக்காக. வழி இருந்தால் பல பாம்பு தானாகவே போய்விடும். வாசலை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் அந்த வழியைக் கெடுக்கிறது.

கூடத்தின் மூலையில் சோபாவோடு சிக்கிய கோரைக் குவியல் இருக்கிறது என்றால் கையால் அள்ளக் கூடாது. ஐந்தாறு அடித் தொரட்டியாலோ மண்வாரியாலோ ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பரப்பி, அசைவு இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு சட்டியில் அள்ள வேண்டும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ், பலகை போன்றவற்றைத் தூக்குவதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். தன் பக்கத்து விளிம்பைத் தூக்கினால் அடியில் இருப்பது நேராகத் தன் காலுக்கு வரும். தொரட்டியை எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டி, தன் பக்கம் சாய்த்துத் தூக்க வேண்டும். அப்போது திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், பலகையே நமக்குத் தடுப்பாக நிற்கும். சுருட்டிய பாய், மெத்தை, சாக்கு, வாஷிங் மெஷின் அடி, பிரிட்ஜின் பின்புறம், கிரைண்டர் அடி எல்லாம் இதே கணக்குதான். செருப்பையும் கவிழ்த்துத் தட்டாமல் போடாதீர்கள்.

தேளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கள்ள நோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக மின்னும். அன்று மாலை உப்பிப்போன கதவு நிலை, செங்கல் இடுக்கு, விறகு அடுக்கு இவற்றில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடலாம். பூரானுக்கு இது உதவாது.

பாம்பைப் பார்த்துவிட்டால் ஆறடிக்குக் குறையாமல் பின்வாங்கி, வெளியேற வழி விடுங்கள். போகாவிட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணி திணித்துத் தீயணைப்புத் துறைக்கு, 101-க்குச் சொல்லுங்கள். அடிக்கப் போகிறவர்தான் பெரும்பாலும் கடி வாங்குகிறார். வெட்டிப்போட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

இனி எலி. அள்ளிய குப்பையையும் நனைந்த மெத்தையையும் வீட்டுச் சுவரை ஒட்டியே குவிப்பது நம் ஊர் வழக்கம். நகராட்சி வண்டி வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் ஊறிய அரிசியும் மெத்தைப் பஞ்சும் எலிக்குச் சோறும் படுக்கையும் ஆகிவிடும். எலி இருக்குமிடத்துக்குப் பாம்பும் வரும். பாம்பை வெளியே அனுப்பிவிட்டு வாசலிலேயே பந்தி வைப்பதுதான் இது. குவியல் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, தெரு ஓரத்தில் இருக்கட்டும். நனைந்த அரிசி, தானியத்தைத் தனியாகக் கட்டி அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

எலி மூத்திரம் கலந்த சேறுதான் எலிக்காய்ச்சலுக்குக் காரணம். காலில் சிறு கீறல் போதும். அதனால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும். காய்ந்த எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாமல், பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள். பத்து லிட்டர் வாளிக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். முதலில் சேற்றை வழித்துக் கழுவிவிடுங்கள். சேற்றின் மேல் கொட்டினால் மருந்தின் வீரியம் சேற்றோடு போய்விடும். கழிவறை ஆசிட்டோடு கலக்கவே கூடாது, மூச்சை அடைக்கும் வாயு வரும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், வெள்ளச் சேற்றில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே போய்விடும்.

கடைசியாக, அன்றைய இரவு. கட்டில் நனைந்துவிட்டது என்று எல்லோரும் தரையில் படுப்பார்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். பல நேரம் கொசு கடித்த அளவு அடையாளம்கூட இருக்காது. விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்தவருக்கு இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் பாம்புக்கடி என்றே நினைக்க வேண்டும். கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே. ஈரக் கட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் மேல் பலகை போட்டுக் கொசுவலை கட்டி, வலை ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.