தனாகா இருக்கிறாரா?

அன்புள்ள செந்தில்,

யோகோஹாமா கிளையில் வாடிக்கையாளர் தொலைபேசி இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஜப்பானிய மரியாதை மொழியான கெய்கோவில் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் அதுதான் என்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

தமிழில் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் "அவர்"தான். ஜப்பானியத்தில் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மரியாதை மாறும். வாடிக்கையாளர் "தனாகா கச்சோ வா இரஷ்ஷாய்மாஸ் கா" என்று கேட்பார். கச்சோ என்றால் பிரிவுத் தலைவர்; இரஷ்ஷாய்மாஸ் என்பது "இரு" என்பதன் உயர்த்தும் வடிவம். அதையே திருப்பிச் சொல்லிவிடாதே. வெளியாளிடம் பேசும்போது தனாகா உன் பக்கத்து ஆள். அவரையும் சேர்த்துத் தாழ்த்த வேண்டும். "தனாகா வா ததாய்மா செகி ஒ ஹஸுஷிதே ஒரிமாஸ்" என்றால் "தனாகா இப்போது இருக்கையில் இல்லை" என்று பொருள். பெயருக்குப் பின்னால் கச்சோவும் வராது, மரியாதை ஒட்டான சானும் வராது. கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதுவே சரி. அழைப்பது தனாகாவின் மனைவி என்றால் கதை வேறு: அவர் தனாகாவின் வீட்டார், ஆகவே "கச்சோ", "இரஷ்ஷாய்மாஸ்" இரண்டும் திரும்பி வரும்.

அடுத்து, "தகவலைச் சொல்லிவிடுகிறேன்" என்பாய். இங்கே பலர் "ஒத்ஸுதாயே ஷிமாஸ்" என்கிறார்கள். தாழ்த்தும் வினையில் இரண்டு வகை உண்டு. 2007-இல் ஜப்பானின் கலாசாரப் பேரவை வெளியிட்ட கெய்கோ வழிகாட்டி அவற்றைத் தனித்தனியாகவே பிரித்தது. முதல் வகை, செயல் யாரைச் சென்றடைகிறதோ அவரை உயர்த்தும். இரண்டாவது, கேட்பவருக்கு முன்னால் பணிவு காட்டும், அவ்வளவுதான். "ஒத்ஸுதாயே ஷிமாஸ்" முதல் வகை. தகவல் சேரும் இடம் தனாகா என்பதால், வாடிக்கையாளருக்கு முன்னால் அவரை உயர்த்திவிடும். "மோஷித்ஸுதாயேமாஸ்" இரண்டாம் வகை, அதைச் சொல்.

வருவது, போவதிலும் இதே கணக்கு. வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போவதானால் உகாகாய்மாஸ். ஒஸாகாவிலுள்ள உன் தம்பி வீட்டுக்குப் போவதை வாடிக்கையாளரிடம் சொன்னால் மாய்ரிமாஸ். அங்கே உகாகாய்மாஸ் போட்டால் தம்பியை உயர்த்தியதாகிவிடும். எதைச் சொல்வது என்று குழம்பினால், செயல் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார். அவர் உயர்த்தத் தக்கவர் இல்லையென்றால் முதல் வகை வேண்டாம்.

இதைவிட மோசமான பிழை, தாழ்த்தும் வினையை வாடிக்கையாளரின் செயலுக்கே போடுவது. "வரவேற்பறையில் கேளுங்கள்" என்பதற்கு "உகாகாத்தே குதசாய்" என்றால் அவரைத் தாழ்த்துகிறாய். "ஒதஸுனே குதசாய்" என்று சொல். "கொரியோ தெகிமாஸ்" என்பதை ஜப்பானியக் கடைக்காரர்களே சொல்லக் கேட்பாய். அது தாழ்த்தும் "கொரியோ ஸுரு"விலிருந்து வருவது. வாடிக்கையாளர் பயன்படுத்தலாம் என்பதற்கு "கொரியோ நி நரேமாஸ்" என்பதே முறை.

உன் மின்னஞ்சல் மாதிரி ஒன்றை அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அதில் அவர்கள் நிறுவனத்தைக் "கிஷா" என்று எழுது. பேச்சில் மட்டும் "ஒன்ஷா".

அன்புடன்,
குமரன்