பாஸ்வேர்டு சரிதான், லாகைக் கேளுங்கள்

இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பணியாற்றும் அனைவருக்கும்,

வணக்கம். போன வாரம் வீட்டு ரூட்டரை மாற்றினேன். பழையது நாலைந்து வருடம் உழைத்து ஓய்ந்துகொண்டிருந்தது. புதியதை மாட்டி, பயனர்பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறையான PPPoE-யைத் தேர்ந்தெடுத்து, பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். இணைப்பு வரவில்லை. இரண்டு நாள் மாலை முழுக்க அதோடு போனது. உங்கள் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று பேரும் பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் மூவரும் சொன்னது ஒன்றே: "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், பாஸ்வேர்டை மறுபடி போட்டுப் பாருங்க."

பாஸ்வேர்டு முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. தவறு வேறு மூன்று இடங்களில், ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒளிந்திருந்தது. ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். அந்த வரிசையை எழுதுகிறேன். அடுத்த முறை இப்படி ஒருவர் அழைத்தால் உங்களுக்கு உதவும்.

முதல் அழைப்பின்போது என் ரூட்டரின் லாகில், அதாவது அது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில், இருந்தது இது:

```
Timeout waiting for PADO packets
Unable to complete PPPoE Discovery
```

இந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். அப்போதும் பாஸ்வேர்டைத்தான் சரிபார்க்கச் சொன்னார்கள். PPPoE தொடங்கும்போது ரூட்டர் முதலில் லைனில் "சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது. "இருக்கிறேன்" என்று உங்கள் பக்கத்திலிருந்து வரவேண்டிய பதிலுக்குப் பெயர்தான் PADO. அந்தப் பதில் வந்து, செஷன் அமைந்த பிறகுதான் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பேச்சுக்கே வரும். PADO வரவில்லை என்றால் என் பயனர்பெயர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அந்தக் கட்டத்தில் பாஸ்வேர்டை நூறு முறை மாற்றி அடித்தாலும் பலன் இல்லை.

குரல் கேட்காததற்குக் காரணம் விலேன் எண். எந்தச் சேவைக்கான பாக்கெட் என்று லைனில் பிரித்துக் காட்ட அதன்மேல் ஒட்டி அனுப்பும் எண் அது. பழைய ரூட்டருக்குக் கரண்ட் கொடுத்து, லேப்டாப்பைக் கேபிளில் சொருகி, அதன் WAN, அதாவது இணைய லைனுக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். VLAN ID என்ற கட்டத்தில் 100 என்று இருந்தது. முதல்முதலில் இணைப்புக் கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போனது. எனக்கு அவர் சொல்லவில்லை. புதிய ரூட்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. எண் இல்லாமல் போன பாக்கெட்டுகள் உங்கள் சர்வர் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. 100 என்று போட்டதும் சில நொடிகளில் பதில் வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில வீடுகளில் ஃபைபர் பெட்டியே விலேன் எண்ணை ஒட்டி அனுப்பிவிடும். அங்கே ரூட்டரிலும் எண்ணைப் போட்டால் அதனாலேயே இணைப்பு வராமல் போகலாம். அதனால் எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, அதை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி இல்லை.

சரி, பதில் வந்தது. அப்புறம் லாக் இப்படி மாறியது:

```
PPP session is 4821
CHAP authentication failed
```

CHAP என்பது, PAP போலவே, பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் ஒரு முறை. இப்போதுதான் பயனர்பெயரைப் பார்க்க வேண்டிய நேரம். உங்கள் குறுஞ்செய்தியில் இருந்த பெயரை அப்படியே அடித்திருந்தேன். பழைய ரூட்டரில் அதே பெயருக்குப் பின்னால் @ குறியும் இன்னொரு சொல்லும் இருந்தன. அந்த முழு வடிவம்தான் பயனர்பெயர் என்று யாரும் சொல்லவில்லை. முழுதாக அடித்தேன். திரும்பவும் அதே வரி: CHAP authentication failed.

என்னை மிகவும் அலைக்கழித்தது இந்த இடம்தான். பெயர் தவறு, பாஸ்வேர்டு தவறு, பழைய ரூட்டருக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியோடு கணக்கு கட்டப்பட்டிருக்கிறது, பழைய செஷன் இன்னும் உங்கள் பக்கம் மூடப்படவில்லை. இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு வருவது இந்த ஒரே வரிதான். ஆனால் ஏன் மறுத்தது என்பது கணக்குகளைச் சரிபார்க்கும் உங்கள் ரேடியஸ் சர்வருக்குத் தெரியும்.

பிரித்துப் பார்க்க நான் செய்தது இது. அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு பழைய ரூட்டரைத் திரும்ப மாட்டினேன். உடனே இணைந்தது. ஆக, பெயரிலும் பாஸ்வேர்டிலும் குறை இல்லை. அடுத்து, பழைய ரூட்டரின் கேபிளைப் பிடுங்காமல், அதன் பக்கத்தில் Disconnect பொத்தானை அழுத்தினேன். அப்படிச் செய்தால்தான் "நான் போகிறேன்" என்று அது உங்கள் சர்வரிடம் சொல்லிவிட்டுப் போகும். வெறுமனே பிடுங்கினால், எதிர்முனையில் ஆள் இல்லை என்று சர்வர் தானாகக் கண்டுபிடிக்கும் வரை அந்தச் செஷன் திறந்தே கிடக்கும். ஒரு நேரத்தில் ஓர் இணைப்புதான் என்ற கணக்குகளில் புதிய ரூட்டரை உள்ளே விடாது. இன்னும் பத்து நிமிடம் பொறுத்துப் புதியதை மாட்டினேன். மறுபடி மறுப்பு. மிச்சம் இருந்தது மேக் முகவரி ஒன்றுதான்.

பழைய ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அந்த மேக் முகவரியைப் புதியதில் போட்டேன். அதுவும் வேலை செய்யவில்லை. பிறகுதான் கவனித்தேன்: ஸ்டிக்கரில் இருந்தது வீட்டுக் கருவிகளை நோக்கிய LAN பக்கத்து முகவரி. WAN பக்கத்தில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஸ்டிக்கரில் 4 என்று முடிந்தது, WAN பக்கத்தில் 5. அந்த 5-ஐப் போட்டதும் இணைப்பு வந்தது.

இன்னொரு ரூட்டரின் முகவரியை நிரந்தரமாகச் சுமக்க எனக்கு விருப்பமில்லை. நான்காவது முறை அழைத்து, "மேக் பைண்டிங்கை எடுத்துவிடுங்கள்" என்று அந்தச் சொல்லையே சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். முகவரியைப் பழையபடி மாற்றினேன், புதிய ரூட்டர் சொந்த முகவரியோடு இணைந்தது. அந்தச் சொல் தெரிந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். ஆனால் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது நானா? கணக்கைக் கட்டிவைத்தவர்கள் நீங்கள் அல்லவா?

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. இணைப்புக் கொடுக்கும் அன்றே முழுப் பயனர்பெயர், விலேன் எண், அதைப் போட வேண்டிய பெட்டி, கணக்கு மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற நான்கையும் ஒரே செய்தியில் எழுதிக் கொடுங்கள். ரூட்டர் மாற்றியதாக ஒருவர் அழைத்தால், பாஸ்வேர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் "லாகில் PADO என்று வருகிறதா, CHAP அல்லது PAP என்று வருகிறதா?" என்று கேளுங்கள். PADO என்றால் விலேனையும் லைனையும் பாருங்கள். மற்றதென்றால் அவர் லைனில் இருக்கும்போதே உங்கள் திரையில் மறுப்பின் காரணத்தைப் பாருங்கள்.

சர்வரைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும் ஒன்று. மறுக்கும்போது ஒரு சிறு செய்தியை அனுப்ப ரேடியஸிலும் இடம் இருக்கிறது, CHAP-இலும் இருக்கிறது. பல ரூட்டர்கள் அதை லாகில் காட்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்து மேக் முகவரி மட்டும் பொருந்தாத நேரத்திலாவது அங்கே MAC mismatch என்று எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு மட்டும் போகும் செய்தி என்பதால் ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்