சராசரிக் கோட்டுக்குள் மறைந்த வீடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடுகளின் மின்நுகர்வை முன்கணிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தரவைக் கிளை கிளையாகப் பிரிக்கும் நூற்றுக்கணக்கான முடிவு மரங்கள் சேர்ந்து எப்படி ஒரே விடை தருகின்றன என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் ஒரு படமும் அதன் கீழே இருந்த வரியும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. வெளி வெப்பநிலைக்கான பார்ஷியல் டிபெண்டன்ஸ் கோடு அந்தப் படத்தில் கிட்டத்தட்ட படுக்கையாகக் கிடக்கிறது. அதைக் காட்டி, “மாடல் வெப்பநிலையைப் பயன்படுத்தவில்லை” என்று எழுதியிருக்கிறார். அந்தப் படத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

அந்தக் கோட்டை எப்படி வரைகிறார்கள் என்று பார்த்தாலே காரணம் புரியும். தரவு அட்டவணையில் உள்ள எல்லா வரிசைகளிலும் வெப்பநிலையை மட்டும் 10 டிகிரி என்று மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டு, மாடலிடம் கொடுக்கிறோம். வரும் விடைகளின் சராசரி ஒரு புள்ளி. அப்புறம் 11, 12 என்று ஒவ்வொரு மதிப்புக்கும் இதையே செய்து புள்ளிகளை இணைக்கிறோம். 2001-இல் புள்ளியியலாளர் ஜெரோம் ஃப்ரீட்மன், மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து மாடல் கட்டும் கிரேடியன்ட் பூஸ்டிங் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்த வழி இது. ஆக, நம் கண்ணுக்கு வருவது ஒரு சராசரி மட்டும்தான்.

நான்கு வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடுகளில் ஏசி இருக்கிறது, ஹீட்டர் இல்லை. மற்ற இரண்டில் ஹீட்டர் இருக்கிறது, ஏசி இல்லை. ஏசி வீட்டுக்கு 10 டிகிரியில் 6 யூனிட், 20-இல் 10, 30-இல் 14 என்று மாடல் சொல்கிறது. ஹீட்டர் வீட்டுக்கு அதே மூன்று இடங்களில் 14, 10, 6. மூன்று இடத்திலும் சராசரி 10 யூனிட்தான். கோடு படுத்துவிடும். ஆனால் இந்த மாடல் நான்கு வீடுகளுக்குமே வெப்பநிலையை முழுமூச்சாகப் பயன்படுத்துகிறது.

இன்னொரு வகையும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் ஆபத்து. மூன்று ஏசி வீடு, ஒரு ஹீட்டர் வீடு என்று வையுங்கள். சராசரி இப்போது 8, 10, 12 என்று மெதுவாக ஏறும். “வெப்பம் கூடினால் நுகர்வு கொஞ்சம் கூடுகிறது” என்று யாரும் தயங்காமல் எழுதிவிடுவார்கள். ஆனால் அப்படி நடந்துகொள்ளும் வீடு அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. படுத்த கோடாவது நம்மை யோசிக்க வைக்கும். இந்தக் கோடு சந்தேகமே வரவிடாது.

சராசரி எடுப்பதற்கு முன் உள்ள கோடுகளை, வரிசைக்கு ஒன்றாக அப்படியே வரைந்துவிடலாம். இவற்றுக்கு இண்டிவிஜுவல் கண்டிஷனல் எக்ஸ்பெக்டேஷன், சுருக்கமாக ஐஸ் கோடுகள் என்று பெயர். அலெக்ஸ் கோல்ட்ஸ்டீனும் உடன் பணியாற்றிய மூவரும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தவை. நம் நான்கு வீடுகளுக்கு ஐஸ் கோடுகளை வரைந்தால் பெருக்கல் குறி போல ஒரு வடிவம் தெரியும். ஏசி உள்ள வீடுகளுக்கு ஒரு நிறம், ஹீட்டர் வீடுகளுக்கு இன்னொரு நிறம் கொடுத்துவிட்டால், வெப்பநிலை எந்த மாறியோடு கைகோத்து வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும். எல்லாக் கோடுகளும் இணையாக ஓடினால் கவலையில்லை, அங்கே சராசரிக் கோடே போதும்.

நிஜத் தரவில் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது. பெரிய வீட்டின் கோடு 40 யூனிட்டிலும் சின்ன வீட்டின் கோடு 5-இலும் தொடங்கும். இந்த உயர வித்தியாசம் சரிவுகளில் உள்ள வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் அதன் இடது முனை மதிப்பைக் கழித்து, எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தொடங்க வைக்க வேண்டும். பிறகு கோடுகள் விசிறி போல விரிகின்றனவா என்று பாருங்கள். சைகிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் இதற்கு ஒரே அழைப்பு போதும்:

```
from sklearn.inspection import PartialDependenceDisplay
PartialDependenceDisplay.from_estimator(
    model, X, ["temp"], kind="both", centered=True)
```

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு மாறியின் கோடு படுத்திருந்ததால் அதைத் தூக்கிவிட்டு மாடலை மறுபடி பயிற்றுவித்தேன், பிழை கூடிவிட்டது. அந்த மாறியின் மதிப்புகளை வரிசைகளுக்கிடையே கலைத்துப்போட்டு, முன்கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று முன்பே பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். கலைத்தால் கெடுகிறது, ஆனால் கோடு படுத்திருக்கிறது என்றால், உள்ளே எதிரெதிர்ச் சரிவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஐஸ் கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கட்டுரையாளரின் மாடலில் வெப்பநிலையோடு மாதமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே நகர்பவை. கடுங்குளிர் மாதத்து வரிசை ஒன்றை எடுத்து அதில் 35 டிகிரி என்று எழுதினால், அப்படி ஒரு நாளை மாடல் பார்த்ததே இல்லை. இருந்தாலும் மரம் ஏதாவது ஒரு விடை சொல்லும். மாதத்தை முதலில் கேட்டுப் பிரியும் மரத்தில், குளிர்காலக் கிளைக்குள் 15 டிகிரிக்கு மேல் தரவே இல்லையென்றால், அங்கே அதற்கு மேல் பிரிப்பும் இருக்காது. 16 என்றாலும் 35 என்றாலும் ஒரே இலைதான், அதாவது ஒரே விடைதான், ஆகவே கோடு நேராக ஓடும். வெப்பநிலையை முதலில் கேட்டு, மாதத்தைக் கேட்காமலே இலைக்குப் போகும் மரமோ, கோடைக்காலத்து விடையைத் தூக்கிக் குளிர்கால வரிசைக்குக் கொடுத்துவிடும். இரண்டு வகை மரங்களும் ஒரே மாடலில் கலந்திருக்கும். அதனால் படத்தில் தெரியும் வளைவில் எவ்வளவு கற்றுக்கொண்டது, எவ்வளவு இட்டுக்கட்டியது என்று வளைவை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஐஸ் கோட்டின் மேலும் அந்த வரிசையின் உண்மையான வெப்பநிலை இருக்குமிடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். குளிர்காலக் கோடுகளின் புள்ளிகள் எல்லாம் இடது பக்கமே குவிந்திருந்தால், அவற்றின் வலது பாதியைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். குளிர்கால வரிசைகளையும் கோடைக்கால வரிசைகளையும் தனித்தனியாக, அவரவர் எல்லைக்குள் வரைந்தால் இன்னும் நல்லது. ஒரு கோட்டின் புள்ளி இடது முனையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தால், அங்கே பூஜ்யமாக்குவதும் தவறான இடத்தில் ஆணி அடிப்பதுதான். அப்போது தரவு அடர்த்தியாக உள்ள ஒரு வெப்பநிலையைப் பொது இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளரிடம் மாடலும் தரவும் கைவசம் இருக்கும் என்று நம்புகிறேன். அதே வெப்பநிலைப் படத்தை ஐஸ் கோடுகளோடும், ஏசி, ஹீட்டர் வாரியாக நிறம் பிரித்தும், உண்மையான மதிப்புகளைப் புள்ளியிட்டும் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோடுகள் உண்மையிலேயே படுத்துத்தான் கிடக்கின்றன என்றால், அவர் எழுதிய வரியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்கணிப்பு மாடல்களோடு வேலை செய்யும் ஒரு வாசகர்