ரத்தபேதி நின்ற பிறகு வரும் குழந்தை: சிற்றூர் லேப் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லேப் உரிமையாளர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும், வணக்கம்.

நானும் நாள் முழுக்க மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும் ஆள்தான். ஒரே ஒரு வகைக் குழந்தையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வந்து, சில நாளில் அது குறைந்து, வீட்டில் எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விடும் நேரத்தில் முகம் வெளிறி, கண்ணிமை வீங்கி, சிறுநீர் சரியாகப் போகாமல் வரும் குழந்தை. டாக்டர் சிபிசி, கிரியேட்டினின் என்று எழுதி உங்களிடம்தான் முதலில் அனுப்புகிறார். அன்று மாலை நீங்கள் தரும் தாளை வைத்துத்தான் அடுத்த முடிவு.

இந்த நோய்க்குப் பெயர் ஹீமோலிடிக் யூரிமிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எச்.யூ.எஸ். ஈ.கோலை கிருமியில் ஓ157 போன்ற சில ரகங்களும், ஷிகெல்லா டிசென்ட்ரியே முதல் வகையும் ஷிகா நச்சு என்ற ஒன்றைச் சுரக்கின்றன. 1993-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சரியாக வேகாத ஹாம்பர்கர் தின்ற குழந்தைகளுக்கு இது வந்து உலகமே பேசியது. அதற்கும் முன்னால், 1978-லேயே, தென்னிந்தியக் குழந்தைகளுக்கு ஷிகெல்லா சீதபேதியைத் தொடர்ந்து இது வருவதை வேலூர் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே இதை வெளிநாட்டு நோய் என்று ஒதுக்க வேண்டாம்.

நச்சு குடலிலிருந்து ரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குப் போகிறது. அங்கே உள்சுவர் செல்களில் அது ஒட்டிக்கொள்ள ஏற்ற பிடி இருக்கிறது. அந்தச் செல்கள் புரதம் செய்ய முடியாமல் வீங்கிச் சாகின்றன. சுவர் புண்ணான இடத்தில் பிளேட்லெட்டும் ஃபைப்ரின் இழைகளும் சேர்ந்து குட்டிக் குட்டியாக உறைகின்றன. அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போகும் சிவப்பணு கிழிந்து துண்டாகிறது. பிளேட்லெட் செலவாகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, சிறுநீரகம் அடைபடுகிறது. இத்தனையும் நடப்பது பேதி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்றாம் நாளுக்குள். அதாவது பெரும்பாலும் மலம் சரியாகிக்கொண்டிருக்கும் நாட்களில். ஓ157 தொற்றிய சிறு குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை இதில் மாட்டுகிறார்கள். மாட்டியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது.

சரி, லேப் விஷயத்துக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நான்கு. பேதியின் மூன்றாம் நாள் எடுத்த சிபிசியில் ஹீமோகுளோபின் 11.8, பிளேட்லெட் 2,60,000. ஏழாம் நாள் உங்களிடம் வருகிறது. ஹீமோகுளோபின் 7.2, சிவப்பணு 25 லட்சம், பிளேட்லெட் 90,000, கிரியேட்டினின் 1.0. மழைக்காலம் வேறு. பிளேட்லெட் குறைவு என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே சொல்தான் வாயில் வரும்: டெங்கு.

ஆனால் பிளேட்லெட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹீமோகுளோபினைப் பாருங்கள். டெங்கு முற்றும்போது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் பிசிவி ஏறும். ரத்தக் கசிவு எதுவும் இல்லாமல் நான்கு நாளில் ஹீமோகுளோபின் 11.8-லிருந்து 7.2-க்கு இறங்கினால் அது வேறு கதை. டெங்கு என்று நினைத்துச் சிறுநீர் நின்றுபோன குழந்தைக்குச் சலைன் மேல் சலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்து, அந்த 90,000-ஐயும் நம்பாதீர்கள். உங்கள் கவுண்டர் அளவை வைத்துத்தான் செல்லைப் பிரிக்கிறது. சின்னதாக இருப்பதெல்லாம் அதற்குப் பிளேட்லெட். சிவப்பணுவில் நூற்றுக்கு மூன்று துண்டாகியிருந்தால் 25 லட்சத்தில் 75,000 துண்டுகள். அவற்றில் மிகச் சிறியவை பிளேட்லெட் கணக்கில் போய் விழும். பிளேட்லெட் ஹிஸ்டோகிராமின் வலது முனை அடிக்கோட்டைத் தொடாமல் தூக்கி நின்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்மியரில் ஆயில் இம்மர்ஷனில் பத்து ஃபீல்டு பார்த்து, சராசரி மூன்று பிளேட்லெட் என்றால் 15,000-ஆல் பெருக்குங்கள். வருவது 45,000. கருவி சொன்னதில் பாதி.

அந்த ஸ்மியரைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பல ரிப்போர்ட்டுகளில் 'நார்மோசைட்டிக் நார்மோக்ரோமிக்' என்ற வரி முன்கூட்டியே டைப் செய்யப்பட்டிருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் துண்டே போடாத ரத்தத்துக்கும் அந்த வரி போகிறது. இந்தக் குழந்தைக்கு மட்டுமாவது அதை அழித்துவிட்டு உட்காருங்கள். ஈடிடிஏ ரத்தத்தில் சீக்கிரம் ஸ்மியர் இழுத்து உடனே காயவிட்டு, லீஷ்மன் போட்டு, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகக் கிடக்கும் பகுதிக்குப் போங்கள். ஓரத்து முனையில் எல்லாச் செல்லும் உருக்குலைந்துதான் தெரியும், அங்கே தேடக் கூடாது. தேட வேண்டியது ஹெல்மெட் போலக் கடிபட்ட செல், முக்கோணத் துண்டு, இரண்டு கொம்பு நீட்டிய செல். ஆயிரம் சிவப்பணுவில் பத்துக்கு மேல் இருந்தால் அதைப் பொருட்படுத்தியாக வேண்டும். நம் கற்பனைக் குழந்தைக்கு முப்பது இருக்கும். நடுவே வெளுப்பு இல்லாத குட்டி உருண்டைச் செல்களும், ஊதா சாயலில் பெரிய இளம் செல்களும் கூடவே தெரியும். சுற்று முழுக்க ஒரே சீராக முள் முளைத்த செல்கள் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தம் பழசானதால் வந்தது, துண்டு அல்ல.

இன்னொன்று, கிரியேட்டினின். 1.0 என்று வந்ததும் பக்கத்தில் 0.6 முதல் 1.2 என்று அச்சாகி, நட்சத்திரக்குறி இல்லாமல் ரிப்போர்ட் போய்விடுகிறது. அது பெரியவர்களின் அளவு. நான்கு வயதுக் குழந்தைக்கு இயல்பே 0.3 முதல் 0.5 வரைதான். 0.4 இருந்த குழந்தைக்கு 1.0 என்றால் இரண்டரை மடங்கு. சிறுநீரகம் கணிசமாகப் பழுதாகிவிட்டது. அதை 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுக்கிறோம். மென்பொருளில் வயதுவாரியாக அளவை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அதை விற்றவரைக் கூப்பிட்டால் செய்து தருவார்.

துண்டான செல்லைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. நம் நாட்டுக் குழந்தைகளில் பேதியே இல்லாமல், ஃபேக்டர் எச்-க்கு எதிரான ஆன்டிபாடியால் வரும் எச்.யூ.எஸ். நிறையவே இருக்கிறது. அதற்குப் பிளாஸ்மா மாற்றம் சீக்கிரம் தொடங்க வேண்டும். ரத்தத்தில் கிருமி பரவி உறைதல் குலைந்தாலும் செல்கள் துண்டாகும், ஆனால் அங்கே புரோத்ராம்பின் நேரம் பெரும்பாலும் நீளும். இதையெல்லாம் பிரிப்பது பெரிய மருத்துவமனை வேலை. அங்கே நேரத்தோடு போய்ச் சேர வைப்பது உங்கள் வேலை.

ஆகவே ரிப்போர்ட்டில் 'சிவப்பணுத் துண்டுகள் 3%, ஸ்மியரில் பிளேட்லெட் சுமார் 45,000, வயதுக்குக் கிரியேட்டினின் அதிகம்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, அம்மா மாலையில் வந்து கவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாமல், டாக்டருக்கு நீங்களே போன் போடுங்கள். சிறுநீர் எப்போது போனான் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு அதையும் சொல்லுங்கள். பிளேட்லெட் ஏற்றுவதா என்று அவர் கேட்டால், துண்டுகள் தெரிவதால் ரத்தக் கசிவு இல்லாதபட்சத்தில் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம் என்பதை நினைவூட்டலாம். ஸ்லைடைக் கழுவிப் போட்டுவிடாதீர்கள். குழந்தையோடு அனுப்புங்கள், அங்கே இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரான நோய்க்குறியியல் மருத்துவர்